ரெக்ரூட்டர் வேலையை விட்டுப் போய்விட்டார், மெயில் திரும்பி வந்துவிட்டது: அடுத்து யாரைப் பிடிப்பது, என்ன எழுதுவது

டெக்னிக்கல் ரவுண்டுகள் முடிந்தன, ஹெச்.ஆர். ரவுண்டும் முடிந்தது. சம்பளம் பேசியாகிவிட்டது. "இந்த வாரத்துக்குள்ள ஆஃபர் லெட்டர் வந்துடும்" என்று சொன்ன ரெக்ரூட்டரிடமிருந்து ஒரு வாரமாகப் பேச்சே இல்லை. நினைவூட்டி ஒரு மெயில் போட்டால், இரண்டே நிமிடத்தில் Mail Delivery Subsystem என்ற பெயரில் பதில் வந்து நிற்கிறது. அவருடைய கம்பெனி மொபைல் எண்ணும் அணைந்து கிடக்கிறது.

சென்னை ஐ.டி. வட்டாரத்தில் இது அடிக்கடி நடப்பதற்குக் காரணம் உண்டு. ரெக்ரூட்டர்களில் பலர் அந்தக் கம்பெனியின் நிரந்தர ஊழியர்களே அல்ல. வேறொரு ஆள் சப்ளை நிறுவனத்தின் சம்பளப் பட்டியலில் இருந்துகொண்டு, கம்பெனியின் மெயில் ஐ.டி.யில் வேலை செய்கிறவர்கள். ஒப்பந்தம் முடிகிற அன்றே ஐ.டி. முடக்கப்படும். "நாளை முதல் இவரைத் தொடர்புகொள்ளுங்கள்" என்று உங்களுக்குச் சொல்ல அவருக்கு நேரம் கூடக் கிடைத்திருக்காது.

நாம் எடுத்துக்கொள்வது இந்தக் கட்டத்தை மட்டும்தான்: வாய்வார்த்தையாகத் தேர்வாகிவிட்டது, எழுத்தில் எதுவும் கையில் இல்லை. முதல் ரவுண்டிலேயே ஆள் மாறினால் பெரிய நஷ்டம் இல்லை. ஆஃபர் லெட்டர் கையில் வந்தபிறகு மாறினால் பிடித்துக்கொள்ள ஒரு தாள் இருக்கிறது. நடுவில் மாட்டிக்கொள்கிறவருக்குத்தான் பாடு.

திரும்பி வந்த மெயிலை முதலில் படியுங்கள்

திரும்பி வந்ததைப் பார்த்தவுடனே "ஆள் போய்விட்டார்" என்று முடிவுகட்ட வேண்டாம். அதன் கீழ்ப்பகுதியில் சிறிய எழுத்தில் ஒரு வரி இருக்கும். இப்படி:

```
550 5.1.1 The email account that you tried to reach does not exist.
550 5.4.1 Recipient address rejected: Access denied.
552 5.2.2 Mailbox full
```

முதல் எண் 5 என்று தொடங்கினால் நிரந்தரத் தோல்வி. 4 என்று தொடங்கினால் தற்காலிகம். சர்வரே மறுபடி மறுபடி முயன்று பார்க்கும், நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. 5.1.1 என்றால் அந்த முகவரி இப்போது இல்லை. ஒன்று, ஆள் போயிருக்க வேண்டும், இல்லையென்றால் நீங்கள் எழுத்தைத் தப்பாக அடித்திருக்க வேண்டும். ஆகவே பழைய மெயிலைத் திறந்து அதிலேயே Reply அழுத்தி ஒருமுறை அனுப்பிப் பாருங்கள்.

5.4.1-ல் Access denied என்று இருப்பதைப் பார்த்து, கம்பெனி தன்னைத் தடுத்துவிட்டது என்று பலர் பயந்துவிடுகிறார்கள். மைக்ரோசாஃப்ட் மெயில் பயன்படுத்தும் கம்பெனிகளில் இல்லாத முகவரிக்கு அனுப்பினால் வருகிற வழக்கமான பதில்தான் அது. 5.2.2 வேறு கதை: பெட்டி நிரம்பியிருக்கிறது, ஆள் அங்கேயே இருக்கலாம். 5.7 என்று தொடங்கினால் ஏதோ ஒரு விதி உங்கள் மெயிலை மறித்திருக்கிறது. கம்பெனி அனுமதிக்காத வகைக் கோப்பை இணைத்திருந்தாலோ, வெளியாட்கள் அனுப்பக்கூடாத குழு முகவரிக்கு அனுப்பியிருந்தாலோ இப்படி வரும். இணைப்பை எடுத்துவிட்டு இரண்டு வரி மட்டும் அனுப்பினால் போய்ச் சேர்கிறதா என்று பாருங்கள்.

டொமைன் பெயரையும் கவனியுங்கள். கம்பெனி வேறொன்றுடன் இணைந்து பெயர் மாறியிருந்தால் பழைய முகவரிகள் கொஞ்ச நாளைக்கு வேலை செய்துவிட்டு நின்றுபோகும். அப்போது ஆள் இருப்பார், முகவரிதான் மாறியிருக்கும்.

இன்னொன்றும் இங்கேயே பார்க்க வேண்டும். அவருக்கு நீங்கள் கடைசியாக அனுப்பியது என்றைக்கு, அதற்குப் பவுன்ஸ் வந்ததா என்று தேடுங்கள். அது திரும்பவில்லை என்றால் பெரும்பாலும் அவர் பெட்டிக்குள் போயிருக்கிறது என்று பொருள். அவர் அதை எடுத்து சிஸ்டத்தில் ஏற்றினாரா என்பது வேறு கேள்வி. நீங்கள் அனுப்பிய பே ஸ்லிப்புகள் முடக்கப்பட்ட அந்தப் பெட்டிக்குள்ளேயே கிடக்கலாம்.

எது அவரோடு போனது, எது போகவில்லை

நிறுவனத்தில் உங்கள் விண்ணப்பம் ரெக்ரூட்டரின் பெயரில் நடப்பதில்லை. அந்த வேலைக்கென்று ஒரு ரெக்விசிஷன் எண் இருக்கும். போர்ட்டலில் JR, R, REQ என்று ஏதாவது எழுத்தோடு தொடங்கும். விண்ணப்பம், ரெஸ்யூமே, பேனலில் இருந்தவர்கள் பதிந்த கருத்து எல்லாம் அந்த எண்ணின் கீழ்தான் இருக்கும். அந்த வேலைக்கு ஆள் வேண்டும் என்று கேட்டவர் ஹையரிங் மேனேஜர். ரெக்ரூட்டர் போனால் அவர் கையில் இருந்த ரெக்விசிஷன்களை மொத்தமாக இன்னொருவருக்கு மாற்றிவிடுவார்கள். புதியவர் கையில் ஏற்கனவே முப்பது, நாற்பது பேர் இருப்பார்கள், உங்கள் பெயர் அந்தப் பட்டியலில் ஒரு வரி.

போனது வாயால் பேசிய பகுதி. எவ்வளவு சி.டி.சி. என்று ஒப்புக்கொண்டது, நோட்டீஸ் பீரியடை கம்பெனி வாங்கிக்கொள்ளும் என்று சொன்னது, எந்த ஊர் அலுவலகம், வாரத்தில் எத்தனை நாள் வர வேண்டும் என்பதெல்லாம் அவர் தலைக்குள்ளோ, அவருடைய எக்செல் தாளிலோ, வாட்ஸ்அப்பிலோ இருந்தவை. ஆகவே புதியவருக்குப் போகும் முதல் மெயிலுக்கு இரண்டே வேலை. ஒன்று, அவர் ஒரு நிமிடத்தில் உங்களை சிஸ்டத்தில் கண்டுபிடிக்க வேண்டும். இரண்டு, வாயால் பேசியது இன்னதென்று சான்றோடு அவர் முன்னால் வர வேண்டும்.

அதற்கு முன், அவர் யாருடைய ஆள் என்று பாருங்கள். மெயில் முகவரியின் @ குறிக்குப் பின்னால் கம்பெனியின் டொமைன் இருந்தால் கம்பெனியையே நேராக அணுகலாம். கன்சல்டன்சியின் டொமைன் இருந்தால் கதை வேறு. உங்கள் ப்ரொஃபைல் அந்தக் கன்சல்டன்சி கொடுத்ததாகப் பதிவாகியிருக்கும், நீங்கள் சேர்ந்தால் அவர்களுக்குக் கமிஷன். அவர்களைத் தாண்டி நேராக கம்பெனிக்குப் போனால் இரண்டு பக்கமும் சண்டை வந்து உங்கள் ஃபைல் நின்றுவிடும். அந்த நிலையில் கன்சல்டன்சியின் பொது எண்ணுக்குப் போன் செய்து, அந்த கிளையன்ட்டை இப்போது பார்ப்பவர் யார் என்று கேளுங்கள். சிறிய கன்சல்டன்சிகளில் முதலாளியே எடுப்பார், ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்துவிடும்.

புதிய ஆளைக் கண்டுபிடித்தல்

பலர் உடனே லிங்க்ட்இன்னுக்கு ஓடுகிறார்கள். அது இரண்டாம் பட்சம். உங்கள் இன்பாக்ஸிலேயே நல்ல முகவரிகள் இருக்கும்.

பழைய மெயில் தொடரை முதலிலிருந்து திறந்து CC-யில் யார் யார் இருந்தார்கள் என்று பாருங்கள். அடுத்து, இன்டர்வியூவுக்கு வந்த காலண்டர் அழைப்பு. அதோடு invite.ics என்ற கோப்பு வந்திருக்கும். அதை இறக்கி நோட்பேடில் திறந்தால் இப்படிச் சில வரிகள் தெரியும்:

```
ORGANIZER;CN=...:mailto:...
ATTENDEE;CN=...:mailto:...
```

ORGANIZER வரியில் இருப்பவர் பெரும்பாலும் நேரம் குறித்துக் கொடுக்கும் கோஆர்டினேட்டர். அவருக்கு முடிவெடுக்கும் அதிகாரம் கிடையாது, ஆனால் எந்த ரெக்விசிஷனை இப்போது யார் பார்க்கிறார்கள் என்று அவருக்குத்தான் நன்றாகத் தெரியும். முதல் மெயிலுக்கு அவரைவிட நல்ல ஆள் இல்லை. ATTENDEE வரிகளில் பேனலில் இருந்தவர்கள் இருப்பார்கள். சில கம்பெனிகளில் அழைப்பு ஏதோ ஒரு தானியங்கி முகவரியிலிருந்து வந்திருக்கும். அங்கே எழுதுவது கிணற்றில் போட்ட கல்தான்.

உள்ளே நண்பரோ, கூடப் படித்தவரோ இருந்தால் அது எல்லாவற்றையும்விட விரைவான வழி. அவரிடம் "என் ரிசல்ட் என்ன ஆச்சுன்னு பாருங்க" என்று கேட்காதீர்கள். அது அவரை இக்கட்டில் மாட்டும், பெரும்பாலும் அவரால் பார்க்கவும் முடியாது. "இந்த ரெக்விசிஷனை இப்ப ஆள் எடுக்கிற டி.ஏ. டீம்ல யார் பாக்குறாங்கன்னு பேரு மட்டும் சொல்ல முடியுமா?" என்று கேளுங்கள். ரெஃபரல் கொடுத்தவரே அவர் என்றால் ரெஃபரல் போர்ட்டலில் உங்கள் நிலை என்ன என்பதும் அவருக்குத் தெரியும்.

போன ரெக்ரூட்டரையும் லிங்க்ட்இன்னில் கேட்கலாம், தவறில்லை. அவர் வேறு இடத்தில் சேர்ந்திருப்பார், பழைய சிஸ்டம் அவர் கையில் இல்லை. ஏன் விட்டீர்கள் என்றோ, என்னைப் பற்றி என்ன எழுதினார்கள் என்றோ கேட்டால் பதில் வராது. "வணக்கம் மேடம், உங்க புது வேலைக்கு வாழ்த்துகள். JR-20417 இப்ப யார் பாக்குறாங்கன்னு பேரு மட்டும் சொன்னீங்கன்னா உதவியா இருக்கும்" என்றால் பலர் சொல்லிவிடுவார்கள். இலவசக் கணக்கில் இணைப்புக் கோரிக்கையோடு அனுப்பும் குறிப்புக்கு இடம் மிகக் குறைவு, மாதத்துக்குச் சில பேருக்குத்தான் குறிப்போடு அனுப்ப முடியும். அதனால் கண்ணில் பட்ட ஹெச்.ஆர். எல்லோருக்கும் அனுப்பி அதை வீணாக்காதீர்கள்.

இவை எதுவும் இல்லையென்றால் லிங்க்ட்இன்னில் கம்பெனியின் பக்கத்தில் People பகுதிக்குப் போய் Talent Acquisition என்று தேடி, ஊரைச் சென்னை என்று சுருக்குங்கள். சமீபத்தில் உங்கள் துறை வேலைகளுக்கு ஆள் தேடிப் பதிவு போட்டவர் யாரோ அவரைத் தேர்ந்தெடுங்கள். பதவி பெரியதாக இருப்பவரை விட அன்றாடம் அந்த வேலையைப் பார்ப்பவர் மேல். careers என்று தொடங்கும் பொது முகவரிக்கும் ஒரு பிரதி போகட்டும். அதை நம்பி உட்கார வேண்டாம், ஆனால் பின்னால் "நான் எழுதினேன்" என்று சொல்ல ஒரு தேதி கிடைக்கும்.

முகவரியை ஊகித்து எழுதுவதைப் பற்றி ஒரு வார்த்தை. பெயரின் இரண்டு பகுதிகளுக்கு நடுவே புள்ளி வைத்தால் முகவரி ஆகிவிடும் என்பது பெரும்பாலும் சரிதான். ஆனால் பெரிய கம்பெனியில் ஒரே பெயரில் பத்துப் பேர் இருப்பார்கள். உங்கள் சம்பள விவரமும் பான் எண்ணும் சம்பந்தமில்லாத ஒருவருடைய பெட்டியில் போய் விழும். ஊகித்த முகவரிக்கு எழுதினால் இணைப்பு எதுவும் வைக்காதீர்கள், தொகையும் எழுதாதீர்கள்.

மெயில்: ஒரு முழு உதாரணம்

கோவையில் நான்கு வருடமாக டெஸ்டிங் வேலையில் இருக்கும் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். சோழிங்கநல்லூரில் உள்ள ஒரு கம்பெனியில் செப்டம்பர் 9 செவ்வாய்க்கிழமை ஹெச்.ஆர். ரவுண்ட் முடிந்தது. ஆண்டுக்கு 11.4 லட்சம் என்று போனில் பேசி, அன்று மாலையே ரெக்ரூட்டர் வாட்ஸ்அப்பில் தொகையை உறுதி செய்தார். நோட்டீஸ் 60 நாள். அதில் 30 நாளை கம்பெனி பணம் கட்டி வாங்கிக்கொள்ளும் என்று வாயால் சொன்னார். 10-ஆம் தேதி மூன்று மாத பே ஸ்லிப்புகள் மெயிலில் போயின, திரும்பவில்லை. 17 புதன்கிழமை போட்ட மெயில் 5.1.1 என்று திரும்பியது. காலண்டர் அழைப்பைத் திறந்தால் கோஆர்டினேட்டரின் முகவரி கிடைக்கிறது.

சப்ஜெக்ட் வரியில் எண்ணும் பதவியும் முதலில் வர வேண்டும், ஏனென்றால் போனில் பார்ப்பவருக்கு முதல் சில சொற்கள்தான் தெரியும்.

```
JR-20417 | QA Engineer, Chennai | HR round 09 Sep | new contact?
```

மெயிலை ஆங்கிலத்தில்தான் அனுப்புவீர்கள். இதே வரிசையில், இதே அளவில் இருக்கட்டும்:

> வணக்கம் மேடம்,
>
> JR-20417, கியூ.ஏ. இன்ஜினியர், சென்னை பணிக்கான விண்ணப்பம் தொடர்பாக எழுதுகிறேன். ஆகஸ்ட் 26, செப்டம்பர் 2 ஆகிய நாள்களில் டெக்னிக்கல் ரவுண்டுகளும், செப்டம்பர் 9 அன்று ஹெச்.ஆர். ரவுண்டும் முடிந்தன. இரண்டாவது ரவுண்டுக்கு நீங்கள்தான் நேரம் குறித்து அழைப்பு அனுப்பியிருந்தீர்கள்.
>
> என்னுடன் தொடர்பில் இருந்த ரெக்ரூட்டரின் முகவரிக்கு இன்று அனுப்பிய மெயில் திரும்பி வந்துவிட்டது. இந்த ரெக்விசிஷனை இப்போது பார்ப்பவரின் பெயரைத் தெரிவிக்க முடியுமா, அல்லது இந்த மெயிலை அவருக்கு அனுப்ப முடியுமா?
>
> ஹெச்.ஆர். ரவுண்டுக்குப் பின் சி.டி.சி., சேரும் தேதி, நோட்டீஸ் ஆகியவை பேசப்பட்டன. அவற்றின் எழுத்து விவரம் என்னிடம் உள்ளது. பொறுப்பில் உள்ளவருக்கு அனுப்புகிறேன். பே ஸ்லிப்புகளை செப்டம்பர் 10 அன்று அனுப்பியிருந்தேன்.
>
> நன்றி. பெயர், மொபைல் எண், விண்ணப்பத்தில் கொடுத்த மெயில் முகவரி.

இதில் எது இல்லை என்று பாருங்கள். தொகை இல்லை, ஆவணம் இல்லை, "எப்போது ஆஃபர் வரும்" என்ற கேள்வி இல்லை, போனவரைப் பற்றிக் குறை இல்லை. கோஆர்டினேட்டரால் பதில் சொல்ல முடிந்த ஒரே கேள்விதான் இருக்கிறது: யார்? அவரால் முடிவு சொல்ல முடியாத கேள்வியைக் கேட்டால் "பிறகு பார்ப்போம்" என்று ஒதுக்கிவிடுவார். கடைசி வரியில் விண்ணப்பித்த அதே மெயில் முகவரியைக் கொடுப்பது முக்கியம். நௌக்ரியில் ஒரு முகவரி, போர்ட்டலில் இன்னொன்று என்று வைத்திருப்பவர்களை சிஸ்டத்தில் தேடினால் கிடைப்பதில்லை. "அப்படி ஒரு விண்ணப்பமே இல்லையே" என்ற பதிலுக்குப் பல நேரம் இதுதான் காரணம்.

புதிய ரெக்ரூட்டர் பெயரோடு, கம்பெனி டொமைனிலிருந்து பதில் வந்தபிறகுதான் இரண்டாவது மெயில். அதில் தொகை, நோட்டீஸ், சேரும் தேதி மூன்றையும் மூன்று வரியில் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் எங்கே உறுதியானது என்று எழுதுங்கள்: "11.4 லட்சம், செப்டம்பர் 9 வாட்ஸ்அப் செய்தி, படம் இணைப்பு". வாயால் மட்டும் சொன்னதை வாயால் சொன்னது என்றே எழுதுங்கள்: "30 நாள் பை-அவுட், செப்டம்பர் 9 தொலைபேசியில் பேசியது, எழுத்தில் இல்லை". எல்லாவற்றுக்கும் சான்று இருப்பதுபோல் எழுதி, ஒன்றில் இல்லை என்று தெரிந்தால் மற்ற இரண்டையும் நம்ப மாட்டார்கள்.

பழைய மெயில்களைச் சான்றாக அனுப்பும்போது சாதாரண Forward வேண்டாம். கணினியில் ஜிமெயிலைத் திறந்து, அந்த மெயிலைத் தேர்ந்தெடுத்து, மூன்று புள்ளி மெனுவில் Forward as attachment கொடுத்தால் அது .eml கோப்பாகப் போகும். அனுப்பியவர், தேதி, நேரம் எல்லாம் மூலத்தில் இருந்தபடியே அவருக்குத் தெரியும். இடையில் யாரும் திருத்தியிருக்கலாம் என்ற சந்தேகத்துக்கு இடம் குறையும்.

எத்தனை நாள் விட்டு, எப்போது போன்

நம் உதாரணத்தில் 17 புதன் அன்றே கோஆர்டினேட்டருக்கு மெயில் போகிறது. மூன்று வேலை நாள் விடுங்கள். 22 திங்கள் மாலை வரை ஒன்றும் இல்லையென்றால், அதே மெயிலின் மேல் ஒரு வரி சேர்த்து careers முகவரிக்கும், லிங்க்ட்இன்னில் கண்டெடுத்த டி.ஏ. ஆளுக்கும் தனித்தனியாக அனுப்புங்கள். ஒரே மெயிலில் ஐந்து பேரைப் போட்டால் ஒவ்வொருவரும் மற்றவர் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடுவார்கள்.

23 செவ்வாய் காலை பத்தரைக்கு மேல் போன் செய்யலாம். கம்பெனியின் போர்டு நம்பர் அவர்கள் வலைத்தளத்தில் இருக்கும். எடுப்பவர் ரிசப்ஷனில் இருப்பவர் அல்லது செக்யூரிட்டி. வெளியாளுக்குப் பெயரும் நேரடி எண்ணும் கொடுக்கக் கூடாது என்பது அவர்களுக்கு உத்தரவு. அதை மனதில் வைத்துத்தான் பேச வேண்டும்:

"வணக்கம் சார். உங்க கம்பெனில இன்டர்வியூ எல்லாம் முடிச்சிருக்கேன். எனக்குப் பேசிட்டிருந்த ஹெச்.ஆர். மேடத்தோட மெயில் ஐ.டி. இப்ப வேலை செய்யல. ரெக்ரூட்மென்ட் டீமுக்குக் கனெக்ட் பண்ண முடியுங்களா?"

"பேரு இல்லாம கனெக்ட் பண்ண முடியாதுங்க. மெயில் போடுங்க."

"மெயில் போட்டுட்டேன் சார், ரெண்டு தடவை. ஜே.ஆர். நம்பர் ஒண்ணு இருக்கு. அதையும் என் போன் நம்பரையும் குறிச்சு டீம்ல யார்கிட்டயாவது குடுத்தீங்கன்னா போதும். பேரு எனக்கு வேண்டாம்."

கடைசி வாக்கியம்தான் வழி திறக்கும். நீங்கள் அவர்களுடைய உத்தரவை மீறச் சொல்லவில்லை. பல நேரம் இந்த இடத்தில் "இருங்க, லைன்ல போட்டுப் பாக்குறேன்" என்பார்கள்.

பேனலில் இருந்தவருக்கோ ஹையரிங் மேனேஜருக்கோ எழுதுவதை இதற்குப் பிறகு வையுங்கள். அவர்களிடம் முடிவைக் கேட்கக் கூடாது. முடிவை ஹெச்.ஆர். வழியாகத்தான் சொல்ல வேண்டும் என்பது பெரும்பாலான கம்பெனிகளில் விதி. மூன்று வரியில், ரெக்ரூட்டரின் முகவரி வேலை செய்யவில்லை, யாரை அணுகலாம் என்று மட்டும் கேளுங்கள். அந்த இடத்தை நிரப்ப அவருக்கே அவசரம் இருந்தால் அவரே ஹெச்.ஆரை உலுக்கி எடுப்பார்.

பதில் வந்தபிறகு வரும் சிக்கல்கள்

"மறுபடி விண்ணப்பம் போடுங்கள்" என்பது முதல் சிக்கல். பழைய ரெக்விசிஷன் மூடப்பட்டு புதிய எண் திறந்திருந்தால் இது நியாயமான கோரிக்கையே. ஆனால் பழையது திறந்திருக்கும்போது இரண்டாவது விண்ணப்பம் போட்டால் சில சிஸ்டங்கள் அதை நகல் என்று தள்ளும். தள்ளாவிட்டால், பேனலின் கருத்து பழையதில் நிற்க, நீங்கள் புதிய ஆளாக முதல் ரவுண்டில் நிற்பீர்கள். ஆகவே முதலில் கேளுங்கள்: புதிய எண் என்ன, முடிந்த ரவுண்டுகளின் கருத்தை அதில் இணைப்பீர்களா? "இணைப்போம்" என்று மெயிலில் வந்தபிறகு விண்ணப்பியுங்கள்.

இரண்டாவது சிக்கல், தொகை. "சிஸ்டத்துல 10.2 தான் இருக்கு" என்பார் புதியவர். அவர் பொய் சொல்லாமலும் இருக்கலாம். பழையவர் உங்களிடம் சொன்ன தொகைக்கு உள்ளே ஒப்புதல் வாங்காமலே போயிருக்கலாம். இந்த இடத்தில் "அவங்க ப்ராமிஸ் பண்ணாங்க" என்று சண்டை போட்டுப் பயனில்லை. ஆஃபர் லெட்டரில் இல்லாத தொகையை வைத்துக்கொண்டு யாரையும் கட்டாயப்படுத்த முடியாது. வாட்ஸ்அப் படத்தைக் காட்டி, "இந்தத் தொகையை நம்பித்தான் வேறு அழைப்புகளை நிறுத்தி வைத்தேன், ஒப்புதலுக்கு மறுபடி அனுப்ப முடியுமா?" என்று கேளுங்கள். புதியவர் மேலே கேட்க அவருக்கும் ஒரு காகிதம் வேண்டும். அந்தப் படம்தான் அது. கிடைக்காவிட்டால் 10.2-க்குச் சம்மதமா இல்லையா என்று முடிவெடுக்க வேண்டியது நீங்கள்.

மூன்றாவது, ஆள் எடுப்பதையே நிறுத்திவிட்டார்கள். அந்த ரெக்ரூட்டர் மட்டும் போகாமல், அதே டீமில் பலர் ஒரே மாதத்தில் லிங்க்ட்இன்னில் வேலை தேடுவதாகப் போட்டிருந்தால், உங்கள் வேலைக்கான விளம்பரமும் காணாமல் போயிருந்தால், பெரும்பாலும் இதுதான். அப்போது புதியவர் "ஹோல்டில் இருக்கிறது" என்பார். எதுவரை என்று கேட்டால் அவருக்கே தெரியாது. "ஹையரிங் மேனேஜர் இந்த ரெக்விசிஷனை இன்னும் திறந்து வைத்திருக்கிறாரா?" என்ற கேள்விக்கு மட்டும் அவரால் உண்மையான பதில் சொல்ல முடியும்.

நான்காவது, வந்த பதிலே போலி. ஆள் மாறிய நேரம் மோசடிக்காரர்களுக்கு வசதியானது. நீங்கள் லிங்க்ட்இன்னில் "என் ரெக்ரூட்டர் போய்விட்டார், யாராவது உதவுங்கள்" என்று கம்பெனி பெயரோடு பொதுவில் பதிவு போட்டால், அன்று இரவே "நான்தான் புது ஹெச்.ஆர்." என்று ஒருவர் வருவார். டொமைனை எழுத்து எழுத்தாகப் பாருங்கள். கம்பெனி பெயரோடு -careers, -hr என்று ஒட்டிய முகவரி கம்பெனியுடையதாக இருக்க வேண்டியதில்லை. உங்கள் ரெக்விசிஷன் எண்ணையும் ரவுண்டு தேதிகளையும் அவரே சொல்லட்டும், நீங்கள் எடுத்துக் கொடுக்காதீர்கள். ஆதார், பான், பேங்க் விவரம் எல்லாம் போர்ட்டலில் ஏற்றுவதாகச் சொல்லுங்கள். லேப்டாப் டெபாசிட், பதிவுக் கட்டணம், வெரிஃபிகேஷன் பணம் என்று ஏதாவது கேட்டால் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள். பணம் போய்விட்டிருந்தால் உடனே 1930 என்ற எண்ணுக்கு அழைத்து, cybercrime.gov.in தளத்திலும் பதிவு செய்யுங்கள்.

திரும்பியது உங்கள் சம்மத மெயில் என்றால்

இது தனியாகச் சொல்ல வேண்டியது. ஆஃபர் லெட்டர் வந்து, "ஏற்றுக்கொள்கிறேன்" என்று நீங்கள் ரெக்ரூட்டருக்கு அனுப்பிய மெயில் திரும்பினால், உங்கள் சம்மதம் கம்பெனிக்குப் போய்ச் சேரவில்லை. லெட்டரில் "இத்தனை தேதிக்குள் ஏற்காவிட்டால் செல்லாது" என்று ஒரு வரி பெரும்பாலும் இருக்கும். மூன்று வேலை நாள் காத்திருக்கும் கணக்கு இங்கே கிடையாது. அன்றைக்கே லெட்டரில் கையெழுத்திட்டவர், careers முகவரி, கோஆர்டினேட்டர் மூவருக்கும் ஒரே நேரத்தில் அனுப்புங்கள். கையெழுத்திட்ட பிரதியையும், முதலில் அனுப்பிய மெயிலையும், அது திரும்பி வந்த பவுன்ஸையும் .eml ஆக இணையுங்கள். கெடுவுக்குள் நீங்கள் அனுப்பியதற்கு அந்தப் பவுன்ஸே சான்று, அதில் தேதியும் நேரமும் இருக்கிறது. போர்ட்டலில் Accept பொத்தான் இருந்தால் அதையும் அழுத்தி, வரும் உறுதித் திரையைப் படமாக எடுத்து வையுங்கள். பிறகு போன்.

பேப்பர் போடுவது எப்போது, விடுவது எப்போது

இத்தனை அலைச்சலுக்கும் நடுவில், இப்போது இருக்கும் வேலையில் பேப்பர் போட்டுவிடாதீர்கள். "உங்க நோட்டீஸ் 60 நாள், லேட் ஆயிடும், இப்பவே ரிசைன் பண்ணுங்க, ஆஃபர் பின்னாடியே வரும்" என்று புதியவர் சொன்னாலும் இதே பதில்தான். முதல் ஆள் சொன்னது அவரோடு போயிற்று என்பதை இப்போதுதான் பார்த்தீர்கள், இரண்டாவது ஆளும் போகலாம். ஆஃபர் லெட்டர் வந்து, அதில் தொகையும் சேரும் தேதியும் பேசியபடி இருந்து, நீங்கள் ஏற்றதற்கு உறுதியும் வந்த பிறகு பேப்பர் போடுங்கள். பை-அவுட் பேச்சு லெட்டரில் இல்லையென்றால் அது தனி மெயிலிலாவது வர வேண்டும். இல்லாவிட்டால் 60 நாள் முழுக்க இருந்துவிட்டு வருவதாகக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

முதல் மெயிலிலிருந்து பத்து வேலை நாள், நம் உதாரணத்தில் அக்டோபர் முதல் வாரம். அதற்குள் ஆயுத பூஜை விடுமுறையும் வரும், அதைக் கழித்துக்கொள்ளுங்கள். மெயில், லிங்க்ட்இன், போன், பேனல் எல்லாம் முயன்றும் ஒரு மனிதரும் பதில் சொல்லவில்லையென்றால் நிறுத்தி வைத்த மற்ற அழைப்புகளுக்குப் பதில் சொல்லத் தொடங்குங்கள். careers முகவரிக்கு ஒரு கடைசி மெயில்: ஆர்வம் இருக்கிறது, இந்தத் தேதிக்குப் பிறகு வேறு ஆஃபர்களைப் பரிசீலிப்பேன், தொடர்பு எண் இது. போர்ட்டலில் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற வேண்டாம். இரண்டு மாதம் கழித்துப் புதியவர் பட்டியலைத் தூசி தட்டும்போது, எல்லா ரவுண்டும் முடித்துக் காத்திருக்கும் பெயர்களைத்தான் முதலில் கூப்பிடுவார். திரும்பப் பெற்றவரின் பெயர் அந்தப் பட்டியலில் இருக்காது.